யாழ்ப்பாணத்து வட்டிக்கு லண்டனில் வரி: எந்தத் தொகை, எந்த நாள், எந்த வீதம்?

கேள்வி: நான் நல்லூரில் பிறந்தவள். 22 வருடமாக லண்டனில் இருக்கிறேன். சம்பளம் ஆண்டுக்கு 38,000 பவுண்ட். 2021 கடைசியில் 30,000 பவுண்ட் அனுப்பி, யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் 80 லட்சம் ரூபாவை என் பெயரில் நிலையான வைப்பில் போட்டேன். வட்டி முழுவதும் அம்மாவின் செலவுக்குத்தான் போகிறது, ஒரு சதமும் இங்கே வரவில்லை. கடைசியாக 2025 ஏப்ரல் 2 இல் ஒரு வருடத்துக்குப் போட்டது இந்த ஏப்ரல் 2 இல் முதிர்ந்தது. வட்டி 6,40,000 ரூபா, அதில் 64,000 ஐ வங்கி வரியாகக் கழித்துவிட்டது. லண்டன் வங்கியிலும் 600 பவுண்ட் வட்டி வந்தது. இனி இங்கேயும் வரி கட்ட வேண்டுமா? ரூபாவை எந்த வீதத்தில் பவுண்டாக மாற்றுவது? ரூபா விழுந்ததில் என் முதலே சுருங்கிவிட்டது, அந்த நட்டத்தைக் கழிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், உங்களுக்கு மனம் நோவதும் அங்கேதான். நட்டத்தைக் கழிக்க முடியாது. அன்றைக்கு 30,000 பவுண்ட், 80 லட்சம் ரூபாவாக ஆனது. இன்று ஒரு பவுண்டுக்கு 400 ரூபா என்று வைத்துக்கொண்டால் அதே 80 லட்சம் 20,000 பவுண்ட்தான். பத்தாயிரம் பவுண்ட் போயிற்று. நாலு வருட வட்டியைக் கூட்டிப் பார்த்தாலும் அது ஆறுமோ என்னவோ. ஆனால் பிரித்தானிய வரிச் சட்டம் முதலை ஒரு கண்ணாலும் வட்டியை வேறொரு கண்ணாலும் பார்க்கிறது. வட்டி வருமானம். முதல் வெளிநாட்டு நாணயத்தில் உள்ள வங்கிக் கணக்கு. 2012 ஏப்ரல் 6 இல் இருந்து, தனிநபர் ஒருவரின் வெளிநாட்டு நாணய வங்கிக் கணக்கில் நாணயமாற்றால் வரும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நல்ல செய்திதான். ஆனால் இலாபத்துக்கு வரி இல்லை என்றால் நட்டத்துக்கும் கழிவு இல்லை. ரூபா ஏறியிருந்தால் ஒருவரும் உங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள், விழுந்தபோது நீங்களும் கேட்க முடியாது. எனக்கும் இது நியாயமாகத் தெரியவில்லை, ஆனாலும் சட்டம் இதுதான்.

வட்டி அம்மாவின் செலவுக்குப் போனது, லண்டனுக்கு வரவில்லை என்பதும் உதவாது. வைப்பு உங்கள் காசு, உங்கள் பெயர். வட்டி கணக்கில் விழுந்த அந்த நிமிடமே அது உங்கள் வருமானம். அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கொடுத்தீர்களா, கோவில் உண்டியலில் போட்டீர்களா என்பது செலவுக் கதை. வட்டியை எடுக்காமல் முதலோடு சேர்த்துப் புதுப்பித்திருந்தாலும் அதே நிலைதான். நிரந்தரத் தாயகம் வெளிநாடு என்று சட்டம் கருதியவர்களுக்கு "பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தால் மட்டும் வரி" என்று ஒரு வழி இருந்தது. அது 2025 ஏப்ரல் 6 உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த சலுகை, புதிதாகக் குடியேறியவர்களுக்கு முதல் நாலு வருடங்களுக்கு மட்டும். 22 வருடம் இருந்த உங்களுக்குப் பொருந்தாது.

சரி, இனிக் கணக்கு. இதில் மூன்றே விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: எந்தத் தொகை, எந்த நாள், எந்த வீதம்.

முதலில் நாள். அதில்தான் உங்கள் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. நம்முடைய இலங்கை இறைவரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். பிரித்தானிய வரி ஆண்டு ஏப்ரல் 6 இல் தொடங்கி ஏப்ரல் 5 இல் முடியும். இடையில் ஐந்தே நாள், பலர் அதைக் கவனிப்பதில்லை. உங்கள் வட்டி ஏப்ரல் 2 இல் வந்திருக்கிறது. லண்டன் கணக்கில் அது 2025-26 ஆண்டு. யாழ்ப்பாணத்து வங்கியின் கணக்கிலோ அது அடுத்த ஆண்டு. வங்கியில் போய் "வரிக்கு ஒரு சான்றிதழ் தாருங்கள்" என்றால், 2026 மார்ச் 31 இல் முடிந்த ஆண்டுக்கானதைத்தான் அச்சடித்துத் தருவார்கள். அதில் இந்த 6,40,000 இருக்காது. இருப்பது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை உங்களுக்கு உண்மையில் வரவு வைக்கப்பட்ட வட்டி மட்டும், உங்கள் விஷயத்தில் அனேகமாக ஒன்றுமில்லை, அல்லது போன வருடம் ஏப்ரல் 2 இல் முதிர்ந்த பழைய வைப்பின் வட்டி. அந்த வட்டியும் லண்டன் கணக்கில் 2024-25 ஆண்டுக்குரியது!

இந்தத் தப்பை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். தொழில் தொடங்கிய காலத்தில், டொரொன்டோக்காரருக்கும் லண்டன்காரருக்கும் ஒரே மாதிரி சான்றிதழைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு லண்டன் வாடிக்கையாளரின் வட்டியைத் தவறான ஆண்டில் போட்டுவிட்டேன். அதைத் திருத்த இரண்டு ஆண்டு வரிப் பத்திரங்களையும் மறுபடியும் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு சான்றிதழை நான் முதலில் பார்ப்பதில்லை, முதிர்வுச் சிட்டையைத்தான் பார்ப்பேன்.

அந்தச் சிட்டையை உங்கள் உறவினர் யாரையாவது வங்கிக்கு அனுப்பி எடுங்கள். வைப்பு முதிர்ந்த நாளில் வங்கி அச்சடிக்கும் ஒரு சின்னக் கடதாசி. அதில் மூன்று வரிகள் இருக்க வேண்டும்: மொத்த வட்டி 6,40,000, கழித்த வரி 64,000, கணக்கில் விழுந்தது 5,76,000. கணக்குப் புத்தகத்தில் இந்த மூன்றாவது மட்டும்தான் இருக்கும். அதுதான் அடுத்த பிழைக்குக் காரணம்.

தொகை என்றால் மொத்த வட்டி. லண்டனில் காட்ட வேண்டியது 6,40,000, கைக்கு வந்த 5,76,000 அல்ல. கழித்த வரியைத் தனியாகக் காட்டி, அதை லண்டன் வரியில் கழிக்கும்படி வரவு கேட்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 இல் இருந்து இலங்கையில் வட்டி மீதான நிறுத்திவைத்தல் வரி 5 சதவீதத்தில் இருந்து 10 ஆக உயர்ந்தது. உங்கள் 64,000 அதுதான். இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான இரட்டை வரி உடன்படிக்கையும் வட்டிக்கு 10 சதவீதம் வரைதான் இலங்கை எடுக்கலாம் என்கிறது. ஆகவே 64,000 முழுவதுக்கும் நீங்கள் வரவு கேட்கலாம்.

இனி வீதம். அடிப்படை விதி எளிது: வட்டி உங்களுக்குக் கிடைத்த நாளின் வீதம். நீங்கள் காசை அனுப்பிய 2021 இன் வீதம் அல்ல. பத்திரம் நிரப்பும் நாளின் வீதமும் அல்ல. காசு மாற்றும் கடையில் போட்டிருக்கும் வாங்கும் விலையும் அல்ல, அதில் கடைக்காரரின் இலாபம் இருக்கிறது. பிரித்தானிய வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. தானே ரூபாவுக்கும் வீதங்களை வெளியிடுகிறது: மாதத்துக்கு ஒன்று, மார்ச் 31 இலும் டிசம்பர் 31 இலும் முடியும் ஆண்டுகளின் சராசரி, குறித்த சில நாள்களின் அன்றாட வீதம். பட்டியலில் ரூபாவை LKR என்ற எழுத்துகளில் தேடுங்கள். எண் ஒரு பவுண்டுக்கு எத்தனை ரூபா என்று இருக்கும், ஆகவே ரூபாவை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். பெருக்கினவர்களையும் பார்த்திருக்கிறேன், விடையைப் பார்த்தவுடனே தெரியும், வட்டி கோடிக்கணக்கான பவுண்டாக வந்து நிற்கும்.

சராசரியா, அந்த மாதத்தின் வீதமா? மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வட்டி வருபவர்களுக்கு ஆண்டுச் சராசரி சுகமானது. பன்னிரண்டு தடவை வகுக்கத் தேவையில்லை, விடையும் பெரிதாக மாறாது. உங்களைப் போல வருடத்தில் ஒரே நாளில் மொத்தமாக வட்டி வருபவருக்கு அந்த நாளின் அல்லது அந்த மாதத்தின் வீதம்தான் சரி என்பது என் கருத்து. உங்கள் வட்டி வந்ததோ ஆண்டின் கடைசிக் கிழமையில். முழு ஆண்டின் சராசரிக்கும் அந்த நாளுக்கும் என்ன சம்பந்தம்? எதை எடுத்தாலும் வருடா வருடம் அதையே எடுங்கள். இந்த வருடம் சராசரி லாபம், அடுத்த வருடம் மாத வீதம் லாபம் என்று தாவினால், கேள்வி வரும்போது பதில் சொல்ல முடியாது.

சாதாரண வருடத்தில் இந்தத் தேர்வால் சில பவுண்டுகள்தான் கூடும் குறையும். 2022 மார்ச் மட்டும் வேறு. மார்ச் 7 இல் மத்திய வங்கி ரூபாவைத் தளரவிட்டது. அதற்கு முதல் ஒரு பவுண்டு 270 ரூபா அளவில் இருந்தது, மாதக் கடைசியில் 380 அளவுக்குப் போய்விட்டது. உங்களுடைய அதே 6,40,000 ரூபா வட்டி அந்த மாதக் கடைசியில் விழுந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். 270 ஆல் வகுத்தால் 2,370 பவுண்ட். 380 ஆல் வகுத்தால் 1,684 பவுண்ட். கிட்டத்தட்ட 690 பவுண்ட் வித்தியாசம். மாதப் பட்டியலின் வீதம் முந்தின மாதக் கடைசியிலேயே நிர்ணயிக்கப்படுவது. ஆகவே நடுவில் நாணயம் உடைந்த மாதத்தில் அது பழைய உலகத்தைத்தான் காட்டும். அப்படிப்பட்ட மாதத்துக்கு அந்த நாளின் வீதத்தையே எடுக்க வேண்டும். இலங்கை மத்திய வங்கி நாளாந்த வீதத்தைத் தன் இணையதளத்தில் போடுகிறது. அந்தப் பக்கத்தை அச்சடித்துச் சிட்டையோடு குத்தி வைத்தால் போதும்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். வகுக்க இலகுவாக வீதத்தை 400 என்று வைக்கிறேன், நீங்கள் 2026 ஏப்ரல் மாதத்துக்குரிய உண்மை எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

```
மொத்த வட்டி     640,000 / 400 = 1,600
இலங்கை வரி       64,000 / 400 =   160
லண்டன் வட்டி                      600
மொத்தம்          1,600 + 600 = 2,200
சலுகை                          -1,000
வரிக்கு உரியது                  1,200
20%                               240
இலங்கை வரி வரவு                  -160
கட்ட வேண்டியது                     80
```

வட்டிக்கும் வரிக்கும் ஒரே வீதத்தைப் போட்டதைக் கவனியுங்கள். வரி வட்டியோடு அதே நாளில் கழிக்கப்பட்டது, ஆகவே அதே வீதம். அந்த 1,000 பவுண்ட் சலுகை, அடிப்படை வீதத்தில் வரி கட்டுபவருக்கு வட்டிக்கென்று தனியாகக் கிடைப்பது. உள்நாட்டு வட்டி, வெளிநாட்டு வட்டி இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். பலர் யாழ்ப்பாணத்து வட்டிக்கு ஒரு ஆயிரம், லண்டன் வட்டிக்கு ஒரு ஆயிரம் என்று இரண்டு தடவை கழித்துவிடுகிறார்கள்.

கணக்குப் புத்தகத்தில் இருந்த 5,76,000 ஐப் போட்டு, வரவு ஒன்றும் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1,440 பவுண்ட் வட்டி, 600 ஐக் கூட்டி 1,000 ஐக் கழித்தால் 1,040, அதில் 20 சதவீதம் 208. எண்பது கட்ட வேண்டிய இடத்தில் 208. குறைத்துக் காட்டினேன் என்று நினைத்துக்கொண்டு 128 பவுண்டைக் கூடக் கட்டியிருப்பீர்கள்.

வரவுக்கு ஒரு எல்லை உண்டு. இலங்கையில் கழித்ததும், அதே வட்டிக்கு லண்டனில் வரும் வரியும், இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். உங்களுக்கு லண்டன் வட்டி ஒன்றுமே இல்லாதிருந்தால் வரிக்கு உரியது 600, வரி 120. இலங்கையில் கட்டியது 160. வரவு 120 ஓடு நின்றுவிடும், மிகுதி 40 ஐ எச்.எம்.ஆர்.சி. திருப்பித் தராது. எல்லாம் சேர்ந்து 1,000 க்குள் அடங்கினால் லண்டனில் வரியே இல்லை, இலங்கையில் கழித்ததற்கு வரவும் இல்லை. மறுபக்கம், உங்கள் வருமானம் 50,270 ஐத் தாண்டியிருந்தால் சலுகை 500 ஆகக் குறையும், வீதம் 40 ஆகும். இதே வட்டிக்கு 680 வரி, 160 வரவு, கையில் இருந்து 520. சம்பள உயர்வு கிடைக்கும் வருடத்தில் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வழமையான வரிப் பத்திரத்தில் வெளிநாட்டு வட்டிக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. 2,000 பவுண்டுக்குள் இருந்தால் அதில் போடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தப் பெட்டி வரி கழிக்கப்படாத வட்டிக்கு. அதில் போட்டால் 160 பவுண்ட் வரவை இழப்பீர்கள். உங்களுக்கு வேண்டியது வெளிநாட்டு வருமானப் பக்கம், SA106. நாட்டுக் குறியீடு LKA, மொத்தம் 1,600, கழித்த வரி 160, வரவு கேட்கும் கட்டத்தில் ஒரு X. அந்த X ஐ மறந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வரவு வராது. இதுவரை நீங்கள் பத்திரம் அனுப்பாதவர் என்றால் 2026 அக்டோபர் 5 க்குள் பதிய வேண்டும். இணையத்தில் அனுப்பவும் வரியைக் கட்டவும் 2027 ஜனவரி 31 கடைசி நாள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. 2021 கடைசியில் போட்ட வைப்பு என்றால் இந்த ஏப்ரலுக்கு முந்தைய வட்டிகள் எங்கே? 2022 இலும் 2023 இலும் இங்கே இலங்கையில் வைப்பு வட்டி 20 சதவீதத்தைத் தாண்டி நின்ற காலம் உண்டு. 80 லட்சத்துக்கு அப்போது 16 லட்சம் வட்டி வந்திருந்தால், ரூபா விழுந்த பிறகும் அது மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டுக்குக் குறையாது. இலங்கையில் வட்டி மீதான இந்தக் கழிவு 2020 இல் நிறுத்தப்பட்டு 2023 ஜனவரியில்தான் 5 சதவீதத்தில் திரும்பி வந்தது. ஆகவே அதற்கு முதல் வந்த வட்டியில் ஒரு சதமும் கழிக்கப்பட்டிருக்காது, வரவு கேட்கவும் ஒன்றும் இல்லை. அந்த வருடங்களுக்கு, நான் மேலே சொன்ன "கொண்டுவந்தால் மட்டும் வரி" என்ற பழைய விதி உங்களுக்கு உதவுமா என்பதை உங்கள் குடியிருப்பு வரலாற்றை வைத்து லண்டனில் ஒரு கணக்காளர் தனியாகப் பார்க்க வேண்டும். உதவாது என்றால் எச்.எம்.ஆர்.சி. தேடி வருவதற்கு முதல் நீங்களே போய்ச் சொல்வதற்கு, வேர்ல்ட்வைட் டிஸ்க்ளோஷர் ஃபசிலிட்டி என்று ஒரு வழி இருக்கிறது.

அதில் அவசரப்பட்டு இன்றைக்கே பதிய வேண்டாம். பதிவு கிடைத்தது என்று எச்.எம்.ஆர்.சி. அறிவித்ததில் இருந்து 90 நாளுக்குள் முழுக்கணக்கையும் கொடுக்க வேண்டும். பழைய வைப்புகளின் முதிர்வுச் சிட்டைகளை வங்கிக் கிளை களஞ்சியத்தில் தேடி எடுத்துத் தர நாளெடுக்கும், ஒரு கடிதமும் உங்கள் கையெழுத்தும் கேட்பார்கள். திருவிழாவுக்கு ஊருக்கு வருவீர்கள் என்றால் முதல் வேலையாகக் கடிதத்தைக் கிளையில் கொடுத்துவிடுங்கள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் இடையில் போய்க் கேட்டால், அடுத்த வருடம்தான் கிடைக்கும்.